தார் ஷீட்டா, பூச்சா? மன்னார்குடி மொட்டை மாடி ஒன்றில் பார்த்த கணக்கு

டெல்டாவில் கார்த்திகை பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: “மாடி ஒழுகாம இருக்கத் தார் ஷீட் ஒட்டலாமா, இல்லை வெள்ளைப் பூச்சு அடிச்சா போதுமா?” மன்னார்குடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் இதையேதான் கேட்டார். 30 அடிக்கு 40 அடி கான்கிரீட் தளம். அதற்கு மேல், நம் பக்கத்து வழக்கப்படி, சுண்ணாம்பில் பிசைந்த செங்கல் ஜல்லி, அதன்மேல் தட்டோடு. ஐப்பசி மழையில் படுக்கையறை மேல்தளத்தில் ஓதம் ஏறி, காரை பொரிந்து நின்றது.

“இரண்டு வருஷம் முன்னாடிதான் தம்பி பூச்சு அடிச்சேன். பத்து வருஷம் தாங்கும்னாங்க” என்றார்.

“எத்தனை வாளி சார் வாங்கினீங்க?”

“மூணு. இருபது லிட்டர் வாளி.”

கோளாறு அந்த மூன்றிலேயே இருந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது அதன் தடிமன் 1 மில்லிமீட்டர். அவர் மாடி ஏறத்தாழ 111 சதுர மீட்டர். அறுபது லிட்டரை அதில் பரப்பினால் அரை மில்லிமீட்டர் சொச்சம். அது அக்ரிலிக் பூச்சு. நீர் ஆவியானபின் கன அளவில் பாதிதான் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் கால் மில்லிமீட்டர். நகத்தால் சுரண்டினேன், வாழைப்பட்டையின் மேல்தோல் போல உரிந்து வந்தது. காய்ந்தபின் 1 மில்லிமீட்டர் நிற்க வேண்டும் என்றால், கைப்பிடிச் சுவரில் ஏற்றும் ஓரத்தையும் சேர்த்து இந்த மாடிக்கு 12, 13 வாளி வேண்டும். மூன்று வாளியில் அடித்தது பெயிண்ட், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கிருந்துதான் பார்ப்பேன். தார் ஷீட்டின் தடிமன் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. 3 மில்லிமீட்டர் சுருள் வாங்கினால் மாடி முழுக்க 3 மில்லிமீட்டர்தான், கூலியாள் அதைக் குறைக்க முடியாது. அவர் கைத்திறன் தெரிவது இணைப்பில். பூச்சுக்கு இணைப்பே கிடையாது. மூலை, குழாய், சோலார் கால் எங்கும் ஒரே தோலாக ஓடும். ஆனால் தடிமன் முழுக்க உருளை பிடிக்கும் கையில் இருக்கிறது. அதனால் ஷீட் வேலை நடக்கும்போது இணைப்பைப் பாருங்கள், பூச்சு வேலை நடக்கும்போது காலி வாளிகளை எண்ணுங்கள்.

பொதுவாக இந்த அலசல் இதோடு முடிந்துவிடும். நம் பக்கத்து மாடியில் இன்னொரு சங்கதி இருக்கிறது: அந்த ஜல்லித் தளம். மூன்று நான்கு அங்குல கனத்தில், மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தட்டோட்டைக் கரணைக் காம்பால் தட்டிப் பார்த்தேன். நாலைந்து இடங்களில் ‘டொப்’பென்று பொள்ளல் சத்தம். பங்குனி வெயிலில் ஒரு ஓட்டைப் பெயர்த்தால், அடியில் ஜல்லி கைக்கு ஈரமாக ஒட்டியது. மழை ஓய்ந்து மூன்று மாதம் ஆகியும் அந்த நிலை. இதன்மேல் எதை மூடினாலும், வெயிலில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே தள்ளும். ஷீட் பூரி போல உப்பும், பூச்சு கொப்புளம் போட்டுக் கிழியும். சந்தேகம் இருந்தால் ஒரு பாலித்தீன் தாளை ஓட்டின்மேல் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

வாத்தியார் வீட்டில் ஜல்லியைக் கொத்தி எடுப்பதென்று முடிவு செய்தோம். செலவில் வலித்தது இந்தக் கூலியும் குப்பை வண்டி வாடகையும்தான், ஷீட் விலை இல்லை. தளம் வெளியே தெரிந்ததும் ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, விரிசல்களை அகட்டி அடைத்து, சிமெண்ட் கலவையில் வாட்டம் போட்டோம். நடுவில் முகடு, இரண்டு பக்கமும் 15 அடிக்கு 4.5 சென்டிமீட்டர் இறக்கம். அதாவது நூற்றுக்கு ஒன்று. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூசினோம். ஷீட்டை அங்கே செங்குத்தாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும்.

அதன்மேல் பிரைமர், அது காய்ந்தபின் ஷீட். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், ஒரு சுருள் முப்பது கிலோவுக்கு மேல். பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர், நுனியில் 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும் என்பதால் ஒரு சுருளில் 9 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் மூடும். பதினைந்து சுருள் ஆனது. கீற்று வேய்வது போலத் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறினால், மேல் ஷீட்டில் ஓடும் தண்ணீர் இணைப்புக்குள் நுழையாது. கேஸ் டார்ச் காட்டி அழுத்தும்போது இணைப்பின் ஓரத்தில் உருகிய தார், வெல்லப்பாகு கசிவது போல ஒரு மெல்லிய கோடாக வெளியே வரவேண்டும். கோடு விட்டுப்போன இடத்தில் கரணை நுனியை நுழைத்தேன். இரண்டு இடத்தில் உள்ளே போனது. மறுபடி சூடு காட்டி ஒட்டினார்கள்.

தூம்பு வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டினோம். தளம் ஒழுகவில்லை. ஆனால் தெற்குத் தூம்புக்குக் கீழே சுவரில் ஈரக்கோடு. ஷீட்டைக் குழாய்க்குள் மடித்துவிடாமல் வாயோடு வெட்டியிருந்தார்கள். ஷீட்டின் பலவீனம் இதுதான்: நடுத்தளம் கல் மாதிரி இருக்கும், துளை போட்ட இடங்களில் தோற்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஷீட் முழுதாக ஒட்டாத இடத்தில் தண்ணீர் அடியிலேயே ஓடி, கிழிசல் ஒரு மூலையில், ஒழுகல் வேறு அறையில் என்று அலைக்கழிக்கும். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் ஒழுகலுக்கு நேர் மேலேயே ஓட்டை இருக்கும்.

தூம்பைச் சரிசெய்து, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்தபின் மேலே கலவை விரித்துத் தட்டோடு பதித்தோம். தார் வெயிலில் நேரடியாகக் கிடந்தால் காய்ந்து வெடிக்கும். தவிர, அந்த வீட்டில் அக்கா மாடியில் வடாம் காயப்போடுபவர். கறுப்பு ஷீட்டில் வெறுங்காலோடு நிற்க முடியுமா?

ஆனால் அதே வீட்டின் மாடிப்படி அறைக் கூரைக்குப் பூச்சுதான் அடித்தோம். பத்தடிக்கு எட்டடி இடம், அதில் தண்ணீர்த் தொட்டி, நாலு குழாய், டிஷ் கால். ஷீட்டை வெட்டி வெட்டி ஒட்டினால் ஒட்டுத்துணி ஆகிவிடும். ஜல்லியும் அங்கே கிடையாது. பாலியூரித்தேன் வகை, முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே வலைத்துணியைப் பதித்து அதன்மேல் இரண்டு கோட். அக்ரிலிக் விலை குறைவு, வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் ஊறி இளகும். தொட்டி நிரம்பி வழியும் இடத்தில் அதை அடிக்க எனக்கு மனமில்லை.

ஜல்லியைக் கொத்த வசதி இல்லாதவர்களுக்கு? பாலித்தீன் சோதனையில் ஓடு காய்ந்திருந்தால், பொள்ளல் ஓடுகளை மட்டும் மாற்றி, இடுக்குகளை அடைத்து, வலையோடு பூச்சு அடிக்கலாம். மாசி முதல் வைகாசிக்குள். ஈரமாக இருந்தால் அந்த வருடம் காசைச் செலவழிக்காதீர்கள். மழைக்குத் தார்ப்பாய் கட்டி, அடுத்த கோடைக்குக் காத்திருங்கள். வாத்தியாரிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன். படுக்கையறைக் காரை தலையில் விழுந்த பிறகுதான் கொத்தச் சம்மதித்தார்.