ரிலேட்டிவ் ரிஸ்க்கா, ஆட்ஸ் ரேஷியோவா?

இரண்டு குழுக்களைத் தொடர்ந்து கவனித்து யாருக்கு நோய் வருகிறது என்று பார்க்கும் கோஹார்ட் ஆய்வு ஒன்றின் அட்டவணை இப்படி என்று வைத்துக்கொள்வோம்: புகைப்பவர் 200 பேரில் 80 பேருக்கு நோய், 120 பேருக்கு இல்லை. புகைக்காத 200 பேரில் 40 பேருக்கு நோய், 160 பேருக்கு இல்லை.

கணக்கு
ரிலேட்டிவ் ரிஸ்க்: (80/200) ÷ (40/200) = 2. வகுப்பது வரிசையின் மொத்தத்தால்.
ஆட்ஸ் ரேஷியோ: (80/120) ÷ (40/160) = 2.67. வகுப்பது நோய் வராதவர்களால். பலர் சறுக்குவது இங்கேதான்.

பொருள்
முதலாவதை "நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு" என்று நேராகச் சொல்லலாம். 2.67ஐ அப்படிச் சொன்னால் மிகைப்படுத்தியதாகிவிடும்.

நோய் அரிதானால்? புகைப்பவரில் 200க்கு 8, புகைக்காதவரில் 200க்கு 4 என்று வந்தால் ரிலேட்டிவ் ரிஸ்க் அதே 2, ஆட்ஸ் ரேஷியோ 2.04. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கோஹார்ட்டில் என் தேர்வு ரிலேட்டிவ் ரிஸ்க். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் செய்தால் கிடைப்பது ஆட்ஸ் ரேஷியோ. அப்போது அதை அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.