மஞ்சப்பைக்கு ஒரு வாசகம்: இயந்திரம் எழுதித் தந்ததை ஐந்து பேரிடம் படிக்கக் கொடுத்த அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் துணிப்பை தைக்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்கு, பையின் மேல் அச்சிடும் வாசகங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. நீலகிரியில் இத்தகைய கட்டுப்பாடு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு என்பதால், இங்கே துணிப்பை யாருக்கும் புதிதில்லை. எல்லாப் பைகளிலும் ஒரே மாதிரியான வாசகம் இருப்பதுதான் குழுவினரின் குறையாக இருந்தது. அதற்காகவே, கேட்டதும் வரிகளை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கினோம். செயலி எப்படி எழுதுகிறது என்பதைவிட, அது எழுதியவற்றுள் எதை அச்சுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் முறையைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன். நேரம் பிடிப்பதும் சிக்கல் வருவதும் அங்கேதான்.

செயலியிடம் இருபது வரி கேட்டால் அரை நிமிடத்தில் இருபதும் வந்துவிடும். அவற்றுள் பாதியை யாரிடமும் காட்டாமலே தள்ளிவிடலாம். இயற்கை, பயணம், வெளிச்சம் என்று எந்தப் பொருளிலும் ஒட்டக்கூடிய வரிகள் அவற்றில் ஒரு வகை. எங்கேயோ ஆங்கிலச் சுவரொட்டியில் பார்த்ததைத் தமிழ் எழுத்தில் எழுதியது போல நிற்பவை இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் ஆபத்தானது: வள்ளுவர் சொன்னதாகவோ பழமொழி என்றோ செயலி ஒரு வரியைத் தருகிறது, அப்படியொரு குறள் 1330-இல் எங்குமே இருப்பதில்லை. ஆகவே பெயர் போட்டு வரும் வரியை மூலத்தில் பார்த்து உறுதி செய்யாமல் நாங்கள் தொடுவதே இல்லை. இப்படிச் சலித்தெடுத்த பிறகு மிஞ்சுபவற்றில் நான்கை மட்டும் வாசகரிடம் எடுத்துச் செல்கிறோம். அதற்கு மேல் கொடுத்தால், ஆறாவது வரியைப் படிப்பவர் வேலை முடிந்தால் போதும் என்ற முகத்தோடு எல்லாவற்றுக்கும் “நல்லாயிருக்கு” என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

கடந்த சுற்றுலாப் பருவத்துக்கு முன்பு எடுத்துச் சென்ற நான்கும் இவை:

முதலாவது: “இந்தப் பை திரும்பி வரும், பிளாஸ்டிக் திரும்பிப் போகாது.”
இரண்டாவது: “மலை உங்களை மறக்காது, நீங்கள் விட்டுச் சென்றதையும்.”
மூன்றாவது: “கையில் பை இருந்தால், காட்டு மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் இருக்காது.”
நான்காவது: “வீட்டிலிருந்து ஒரு பை வந்தால், காட்டுக்கு ஒரு குப்பை குறையும்.”

வாசகர்கள் ஐந்து பேர். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், பேருந்து நிலையத்துக்கு அருகே வர்க்கி விற்கும் கடைக்காரர், வீட்டில் படுகு பேசிப் பள்ளியில் தமிழ் படித்த கல்லூரி மாணவி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சுற்றுலாப் பயணி. பையைக் கையில் பிடிப்பவரும் அதில் பொருள் போட்டுக் கொடுப்பவரும் எதிரில் நின்று படிப்பவரும் இதற்குள் அடங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. வரிகளை எழுதியது செயலி என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. சொன்னால் படிப்பவர் பிழை தேடும் பரிசோதகராகிவிடுகிறார். நாங்கள் எழுதினோம் என்றாலோ மனம் நோகக் கூடாதென்று பாராட்டிவிடுகிறார். “பைக்கு நாலு வரி வந்திருக்கு, படிச்சுப் பாருங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கைப்பேசித் திரையில் காட்டுவதும் இல்லை. பையில் வரப்போகும் அதே அளவில், அதே இடத்தில் வரி மடங்கும்படி தாளில் அச்சிட்டு, நாலைந்து அடி தள்ளிப் பிடித்துக் காட்டுகிறோம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான். நான்கையும் அருகருகே வைத்தால் அவர் ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்கிவிடுவார், கடையில் பையை வாங்குபவரோ அப்படி ஒப்பிடப் போவதில்லை. முதலில் வரும் வரிக்குக் கிடைக்கும் சலுகையைப் பங்கிடுவதற்காக, ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றுகிறோம். முதலில் உரக்கப் படிக்கச் சொல்வோம். நாக்கு தடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வோம். பிறகு தாளைத் திருப்பி வைத்துவிட்டு, “இது என்ன சொல்லுது, உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்போம். பிடித்திருக்கிறதா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதை முதலில் கேட்டால், புரியாத வரியையும் பிடித்திருப்பதாகச் சொன்னவர், பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்கிறார்.

முதல் வரி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. வர்க்கிக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டுத் தயக்கமே இல்லாமல், “பையக் கொண்டாந்து குடுத்தா காசு திருப்பித் தருவீங்க, அதானே?” என்றார். நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தந்துவிடுகிறார்கள். திரும்பி வரும் பொருள் என்றதும் அவருக்கு அந்த ஏற்பாடு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அப்படிப் புரிந்துகொண்ட பத்துப் பேர் கடையில் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இதே வரியில் மாணவி இன்னொரு பள்ளத்தைக் காட்டினார். தாளில் காற்புள்ளி மங்கலாக விழுந்திருந்ததால் அவர் “இந்தப் பை திரும்பி வரும் பிளாஸ்டிக்” என்று ஒரே மூச்சில் படித்துவிட்டு, குழம்பிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ‘வரும்’ என்பது வாக்கியத்தை முடிக்கவும் செய்யும், அடுத்த பெயரைத் தழுவிக்கொள்ளவும் செய்யும். இடையில் நிற்கும் குறியைத் தவிர அவற்றைப் பிரிக்க வேறு எதுவும் இல்லை. முரட்டுப் பருத்தித் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யும்போது முதலில் காணாமல் போவதும் அத்தகைய சின்னப் புள்ளிதான். திரையில் மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவது வரியைப் பயணி மிகவும் ரசித்தார், பையை வாங்கினால் இதற்காகவே வாங்குவேன் என்றார். ஆனால் பொருள் கேட்டபோது, மலை நம்மை அன்போடு நினைத்திருக்கும் என்று விளக்கினார். எச்சரிக்கை அவருக்கு எட்டவே இல்லை. தலைமையாசிரியர் வரியைப் படித்து முடித்த பிறகும் தொடர்ச்சிக்குக் காத்திருப்பவர் போல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வினையை விட்டுவிட்டு நிற்கும் இந்த அமைப்பு செயலி தரும் வரிகளில் அடிக்கடி வருகிறது. கவிதைச் சாயல் உண்டு, ஆனால் முடிக்க வேண்டியதை வாசகர் தலையில் கட்டிவிடுகிறது.

மூன்றாவதில் ஐந்து பேருக்கும் பொருள் ஒன்றாகவே பிடிபட்டது. கொழுந்து பறிக்கும் அக்கா, “எங்க லைன் வீட்டுப் பக்கம் குப்பையில அது மேயறத தெனமும்தான் பாக்கறோம்” என்றார். கடைக்காரர்தான் முகம் சுளித்தார்: “இதுல வர்க்கிய போட்டுக் குடுத்தா வாங்கறவரு வயித்த நெனச்சுக்குவாரு.” தெளிவில் குறையே இல்லாத வரி, தின்பண்டத்தைச் சுமக்கும் பையில் உணர்வில் இடறுகிறது. நான்காவது வரியில் யாரும் தடுக்கவில்லை, யாரும் பரவசப்படவும் இல்லை.

இந்த இடத்தில் எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பேரில் நான்கு பேர் ஒரு வரியை விரும்பினார்கள் என்றால் அது வென்றுவிட்டதாக நினைக்கத் தோன்றும். இரண்டு வரிகளும் சரிசமமாக இருந்து, ஐந்து பேரும் காசைச் சுண்டி விட்டே பதில் சொல்லியிருந்தாலும், நான்கு பேரோ ஐந்து பேருமோ ஒரே பக்கம் சாய்வது எட்டுக்கு மூன்று முறை நடக்கும். விருப்பத்தில் இவ்வளவு சிறிய கூட்டத்தின் வாக்கு அவ்வளவு பலவீனமானது. தெளிவின்மை அப்படியில்லை. ஒரே ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு, ஏன் அப்படிப் புரிந்தது என்பதற்கு வரியிலேயே காரணமும் தெரிந்துவிட்டால், அதே வழியில் இன்னும் பலர் விழுவார்கள் என்று கொள்ளலாம். அதை உறுதி செய்ய ஐம்பது பேர் வேண்டாம். எனவே தவறான புரிதலுக்கு ஒரு குரலே போதும் என்றும், விருப்பத்தை எண்ணிப் பார்க்காமல் அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை மட்டும் எழுதி வைப்பது என்றும் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். முதல் இரண்டு வரிகளும் இப்படித்தான் விலக்கப்பட்டன, அவற்றுக்கு ரசிகர்கள் இருந்தும்.

மிஞ்சிய இரண்டுக்கும் இடையே தேர்வு செய்ய, மறுநாள் வாசகர்களைப் பார்த்து, “நேத்து படிச்சதுல எது ஞாபகம் இருக்கு?” என்று மட்டும் கேட்டோம். மூன்றாவது வரியைச் சொல்லுக்குச் சொல் யாரும் ஒப்பிக்கவில்லை என்றாலும், காட்டு மாடும் வயிறும் எல்லோர் வாயிலும் வந்தன. நான்காவதை இருவர் அடியோடு மறந்திருந்தார்கள். காய்கறிப் பைக்கு மூன்றாவதையும், வர்க்கி முதலான தின்பண்டங்களுக்கான சிறிய பைக்கு நான்காவதையும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வரிக்கும் தனி ஸ்கிரீன் சட்டம் போட வேண்டும் என்பதால் செலவு கூடத்தான் செய்தது. குழுத் தலைவி அதற்குச் சற்றுத் தயங்கியே ஒப்புக்கொண்டார்.

நீண்ட நாள் செய்ததில் தெரிந்த குறை, செயலியைவிட வாசகர் பக்கம்தான் அதிகம். திரும்பத் திரும்ப வரும் வாசகர் நாளடைவில் பழகிவிடுகிறார். நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதை அறிந்துகொண்டு, “இங்க நிக்குது, இந்தச் சொல்ல மாத்துங்க” என்று திருத்துநராக உட்கார்ந்துவிடுகிறார். அவருடைய திருத்தம் பயனுள்ளதுதான், ஆனால் முதல்முறை படிப்பவரின் தடுமாற்றம் இனி அவரிடம் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு பருவத்திலும் ஐவரில் மூவரையாவது மாற்றுகிறோம். திருத்திய வரியையும் புதியவரிடமே காட்டுகிறோம், ஏனென்றால் பழையவர் முன்பு படித்த வரியின் பொருளையே அதில் ஏற்றிப் படிக்கிறார்.

வாசகத்தைப் படித்தவர் அடுத்த முறை பையோடு வருகிறாரா என்பதை இந்தச் சோதனை காட்டாது. பழைய பையோடு வருபவர்களுக்குத் தனியாக ஒரு கோடு கிழித்து வைக்கும்படி இப்போது வர்க்கிக் கடைக்காரரிடமே ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறோம்; கூட்டம் நெருக்கும் நாட்களில் அவர் குறிக்க மறந்துவிடுகிறார் என்பதால், அந்தக் கணக்கை வைத்து எந்த வரியையும் மாற்றுவதாக இன்னும் இல்லை.