சார்ஜ்பேக் ஆதார மென்பொருள்: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

இணையத்தில் கடை தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், நான் பயன்படுத்தும் சார்ஜ்பேக் மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டார். வாடிக்கையாளர் வங்கியிடம் புகார் செய்து, அட்டையில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் சார்ஜ்பேக். அந்தப் புகாரை எதிர்க்கக் கடைக்காரருக்கு ஆதாரம் திரட்டித் தருவது இந்த மென்பொருள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

பொருளைத் தானோ தன் வீட்டாரோ வாங்கி, கையில் பெற்றுக்கொண்ட பிறகு, "இந்தச் செலவை நான் செய்யவில்லை" என்று வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறுவதைத்தான் நட்பு மோசடி என்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்லர். வீட்டில் வேறொருவர் வாங்கியிருக்கலாம். அட்டை அறிக்கையில் கடையின் பெயருக்குப் பதிலாக நிறுவனத்தின் பதிவுப் பெயர் வந்திருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம். பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிந்தவுடன் இந்த வழியை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

2023 ஏப்ரலில் விசா அட்டை நிறுவனம் இத்தகைய புகார்களுக்கான தன் விதியை மாற்றியது. 10.4 என்ற காரணக் குறியீட்டில் வரும் "நான் வாங்கவில்லை" என்ற புகாருக்கு, அதே அட்டையில் நடந்த, தகராறு எழாத இரண்டு பழைய ஆர்டர்களைக் கடைக்காரர் காட்டலாம். அவை புகார் தேதிக்கு 120 முதல் 365 நாட்கள் முந்தையவையாக இருக்க வேண்டும். லாகின் பெயர், டெலிவரி முகவரி, ஐபி முகவரி, சாதன அடையாளம் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, புகாருக்குள்ளான ஆர்டரோடு ஒத்துப்போக வேண்டும். அவற்றில் ஒன்று ஐபியாகவோ சாதனமாகவோ இருந்தாக வேண்டும். இவை பொருந்தினால் இழப்பு அட்டை வழங்கிய வங்கியைச் சேரும்.

இந்தப் பழைய ஆர்டர்களைத் தேடி எடுப்பதில் மென்பொருள் அருமையாக வேலை செய்கிறது. கேமரா லென்ஸ் ஒன்றுக்கு அக்டோபர் 10 அன்று புகார் வந்தது. அதே வாடிக்கையாளருக்கு மார்ச் 14, மே 20, ஜூலை 5 ஆகிய நாட்களிலும் ஆர்டர்கள் இருந்தன. ஜூலை ஆர்டருக்கு 97 நாட்களே ஆகியிருந்ததால் அதை மென்பொருள் தானாகவே ஒதுக்கியது. மற்ற இரண்டுக்கும் 210, 143 நாட்கள். ஐபி மாறியிருந்தது, மொபைல் இணைப்பில் அது இயல்புதான் என்று அப்போது நினைத்தேன். ஆனால் சாதனமும் லாகினும் முகவரியும் ஒன்றே. லென்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், அதே கணக்கிலிருந்து அதன் மூடியைப் பற்றிக் கேள்வியும் வந்திருந்தது. அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது.

"பொருள் வரவே இல்லை" என்ற புகாருக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே டெலிவரிப் பதிவுகள்தான் பேச வேண்டும். பார்சல் வராதவர், "டெலிவரி செய்யப்பட்டது" என்று காட்டிய பிறகும் கண்காணிப்புப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார், கடைக்கும் எழுதுவார். அந்த நிமிடம்வரை பலமுறை திறந்துவிட்டு, அதன்பின் ஒருமுறைகூடத் திறக்காமல், கடையிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் நேராக வங்கிக்குப் போயிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அது சந்தேகம் மட்டுமே. பார்சல் பக்கத்து வீட்டில் கைமாறியிருந்தாலும் பதிவு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இனி என்னை விடாமல் உறுத்தும் விஷயம். எங்கள் தளத்துக்கு முன்னால் ஓர் இடைநிலை சர்வர் நிற்கிறது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் தளத்துக்கு வருகிறார்கள். மென்பொருள் அந்தச் சர்வரின் ஐபியையே வாடிக்கையாளரின் ஐபி என்று சேமித்து வந்திருக்கிறது. இது தெரிந்தது ஒரு பெண்ணின் புகாரில். அவருடைய கணக்குக்குள் யாரோ நுழைந்து, நள்ளிரவில் கடவுச்சொல்லை மாற்றி, புதிய முகவரியைச் சேர்த்து, மூன்றே நிமிடத்தில் விலை உயர்ந்த பொருளை அதிவிரைவு டெலிவரியில் வாங்கியிருந்தார். மென்பொருளோ "லாகின் பொருந்துகிறது, ஐபி பொருந்துகிறது" என்று ஆதாரத்தைத் தயாராக வைத்திருந்தது. கணக்கு அவருடையது என்பதால் லாகின் பொருந்தியது. ஐபியோ யாருக்கு வேண்டுமானாலும் பொருந்திவிடலாம். ஏனென்றால் எங்கள் ஆர்டர்கள் முழுவதிலும் இருந்தவை நான்கே நான்கு ஐபி முகவரிகள். விதியின் எழுத்துப்படி நான் வென்றிருப்பேன். உண்மையில் பறிகொடுத்தவரிடமே பணத்தைக் கேட்டிருப்பேன். புதிய முகவரி கண்ணில் பட்டதால் அனுப்பாமல் நிறுத்தினேன்.

மூன்று முறை எழுதியும் மென்பொருளை விற்கும் நிறுவனம் இதைச் சரிசெய்யவில்லை. எத்தனை வழக்குகளை வென்று கொடுத்திருந்தாலும், அடுத்த மாதம் சந்தாவை நான் புதுப்பிக்கப் போவதில்லை. நண்பருக்கும் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். முதலில் அட்டை அறிக்கையில் கடையின் பெயர் வரும்படி செய்யுங்கள். பிறகு உங்கள் ஆர்டர்களை ஐபி வாரியாகப் பிரித்து, ஒரே முகவரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்றேன்.