வெளி க்ளாக் பெட்டியா, டிஏசிக்குள்ளேயே நல்ல கிரிஸ்டலா? வாங்கிய பிறகு எழுதும் அலசல்

டிஜிட்டல் எண்களை ஒலிக்கான வோல்டேஜாக மாற்றுவது டிஏசி, அந்த மாற்றத்துக்கு நேரம் சொல்லும் துடிப்பு க்ளாக். என் பழைய டிஏசி ஆப்டிக்கல் கேபிளில் மட்டும் சிக்னல் வாங்கும் பெட்டி. அதை மாற்றலாம் என்று கிளம்பியபோது ஒரே பட்ஜெட்டில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, 10 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் உள்ளீடு உள்ள சுமாரான டிஏசியும் அதற்குத் தனியாக ஒரு வெளி க்ளாக் பெட்டியும். இன்னொன்று, வெளி க்ளாக் ஓட்டையே இல்லாத, ஆனால் உள்ளே தரமான இரண்டு கிரிஸ்டல் ஆஸிலேட்டர்களும் அசிங்க்ரனஸ் யுஎஸ்பியும் உள்ள டிஏசி. நான் வாங்கியது இரண்டாவது. இரண்டு பெட்டிக்கு இரண்டு பவர் சப்ளை, கூடுதல் கேபிள், அலமாரியில் இடம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. என் முடிவுக்குக் காரணம் அவை அல்ல.

ஜிட்டர் என்றால் என்ன என்பதை ஒரு கணக்கோடு பார்த்துவிடலாம். சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றையும் சரியான நேரத்தில் வோல்டேஜாக மாற்ற வேண்டும். இந்த நேரம் முன்பின்னாக ஆடுவதுதான் ஜிட்டர். எண் சரியாக இருந்தும் நேரம் தவறினால், அந்த இடத்தில் வெளிவருவது தவறான வோல்டேஜ். எவ்வளவு தவறு? 2 வோல்ட் ஆர்எம்எஸ் அளவுள்ள 10 கிலோஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்வோம். பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அது மைக்ரோவிநாடிக்கு சுமார் 0.18 வோல்ட் வேகத்தில் ஏறுகிறது. அங்கே 1 நானோவிநாடி பிசகினால் பிழை சுமார் 180 மைக்ரோவோல்ட். 16 பிட்டில் ஒரு படியின் உயரம் சுமார் 86 மைக்ரோவோல்ட்தான். அதாவது ஒரு நானோவிநாடி பிசகு இரண்டு படிகளைத் தின்றுவிடுகிறது. அதே பிசகு 100 ஹெர்ட்ஸ் அலையில் 2 மைக்ரோவோல்ட்கூட வராது. அதனால்தான் ஜிட்டர் உச்ச ஸ்தாயியில் கடிக்கிறது, அடி ஸ்தாயியைத் தொடுவதில்லை. இசை நின்றால் இந்தப் பிழையும் நின்றுவிடும். சும்மா இருக்கும்போது ஸ்பீக்கரில் காது வைத்துத் தேடினால் அகப்படாது.

பிசகு ஒழுங்கில்லாமல் வந்தால் மெல்லிய இரைச்சலாகப் பரவுகிறது. ஒரு தாளத்தோடு வந்தால், ஒவ்வொரு ஒலிக்கும் இரண்டு பக்கமும் அதில் இல்லாத சிறு ஒலிகள் முளைக்கின்றன. இசையோடு எந்த உறவும் இல்லாத இடங்களில் அவை நிற்பதால் எனக்கு இரண்டாவது வகைதான் அதிகம் உறுத்துகிறது.

சரி, இந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது? ஆப்டிக்கலிலும் கோயாக்ஸிலும் தரவும் க்ளாக்கும் ஒரே ஓடையில் கலந்து வருகின்றன. க்ளாக்கை அனுப்புவது டிவியோ சிடி ப்ளேயரோதான். டிஏசி அதைப் பிஎல்எல் என்ற சுற்றால் பிரித்தெடுத்துப் பின்தொடர்கிறது. வழியில் அலையின் ஓரங்கள் மழுங்கினால், முந்தைய பிட் என்ன என்பதைப் பொறுத்து அடுத்த ஓரம் சற்று முன்னே பின்னே நகரும். தரவே க்ளாக்கை ஆட்டுகிறது. இதைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆடியோ பொறியாளர் ஜூலியன் டன் ஜே-டெஸ்ட் என்ற சோதனை சிக்னலை வடிவமைத்தார். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 11.025 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்றும், அதோடு கடைசி பிட்டை சுமார் 229.7 ஹெர்ட்ஸில் புரட்டும் ஒரு சதுர அலையும் சேர்ந்தது.

என் பழைய டிஏசியில் ஆப்டிக்கல் வழியாக இதை ஓட்டி, ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸில் பிடித்து ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். 11.025க்கு இருபுறமும் 229.7 ஹெர்ட்ஸ் தள்ளி, முக்கிய ஒலிக்கு சுமார் 105 டெசிபல் கீழே இரண்டு முட்கள். திருப்பிக் கணக்குப் போட்டால் உச்சத்தில் சுமார் 160 பிகோவிநாடி ஆட்டம். புது டிஏசியில் யுஎஸ்பி வழியாக அதே இடத்தில் இருந்தது 125 டெசிபலை ஒட்டிக் கீழே. அந்த மட்டத்தில் தெரிவது சோதனையின் சதுர அலையே அங்கே வைக்கும் ஒற்றைப்படை மடங்குகள். அதை டிஏசியின் குறையாக எண்ணக் கூடாது.

அசிங்க்ரனஸ் யுஎஸ்பியில் அதிகாரம் தலைகீழாகிறது. க்ளாக் டிஏசியினுடையது. "இன்னும் கொஞ்சம் அனுப்பு, கொஞ்சம் குறை" என்று அதுவே கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. தரவு முன்பின்னாக வந்தாலும் பஃபரில் காத்திருந்து, பக்கத்திலேயே உள்ள கிரிஸ்டலின் அடிக்கு வெளியேறுகிறது. லினக்ஸில் இதைச் சரிபார்ப்பது எளிது, பாட்டு ஓடும்போது பாருங்கள் (கார்டு எண் உங்களுடையதாக இருக்கட்டும்):

```
cat /proc/asound/card1/stream0
```

`Endpoint` வரியில் `ASYNC` என்று இருந்தால் டிஏசிதான் எஜமான். `ADAPTIVE` என்றால் அது கம்ப்யூட்டரைப் பின்தொடர்கிறது.

இப்போது வெளி க்ளாக். என்னை முடிவெடுக்க வைத்தது இந்த இடம்தான். டிஏசிக்கு வேண்டியது 44.1 குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ். வெளிப்பெட்டி தருவது 10 மெகாஹெர்ட்ஸ். 10லிருந்து 22.5792க்குப் போக 7056ஆல் பெருக்கி 3125ஆல் வகுக்க வேண்டும். அந்த வேலையை டிஏசிக்குள் இருக்கும் பிஎல்எல்தான் செய்கிறது. மெதுவான ஆட்டங்களில் அது வெளி க்ளாக்கைப் பின்பற்றும். வேகமான ஆட்டங்களில் டிஏசியின் சொந்த ஆஸிலேட்டர்தான் பேசும். எவ்வளவு தூய்மையான க்ளாக்கைக் கொடுத்தாலும், கேபிளையும் உள்ளீட்டுச் சுற்றையும் இந்தப் பிஎல்எல்லையும் தாண்டித்தான் அது சிப்புக்குப் போகிறது. நல்ல கிரிஸ்டலை சிப்பிலிருந்து சில சென்டிமீட்டரில் வைத்தால் இந்தப் பயணமே இல்லை. இன்னொரு கண்ணியும் உண்டு. ஆப்டிக்கலில் பாட்டு வந்தால் டிஏசி மூலக்கருவியின் வேகத்தைத்தான் பின்பற்றியாக வேண்டும். சாம்பிள் ரேட் மாற்றியோ பெரிய பஃபரோ உள்ளே இல்லாவிட்டால், 10 மெகாஹெர்ட்ஸ் பெட்டி அங்கே சும்மா எரிந்துகொண்டிருக்கும்.

வெளிப்பெட்டிகளில் சிலவற்றில் இருக்கும் ருபிடியம் அணுக் க்ளாக்கின் துல்லியத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். அது நாட்கணக்கில் வேகம் மாறாத துல்லியம். சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு தவறினாலும் ஒரு மணி நேரப் பாட்டு 0.18 விநாடிதான் விலகும், சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. ஒலிக்கு வேண்டியது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான ஒழுங்கு. ஆகவே விளம்பரத்தில் நீண்டகாலத் துல்லியம் மட்டும் போட்டிருந்தால் அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு, இந்த ஒழுங்கின் குறையைச் சொல்லும் அளவான ஃபேஸ் நாய்ஸ், கேரியரிலிருந்து 10 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் தள்ளி எவ்வளவு என்று கேளுங்கள்.

வெளிப்பெட்டியை நண்பர் வீட்டில் இரண்டு வார இறுதிகள்தான் கேட்டேன், அவ்வளவுதான் என் அனுபவம். பெட்டியைச் சொருகியும் கழற்றியும் மாறி மாறிக் கேட்டதில், எது எது என்று தெரியாதபோது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1998இல் பெஞ்சமின், கேனன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜிட்டர் கேட்புச் சோதனைகளில் தனி ஒலியில் கேட்கத் தொடங்கிய அளவே 10 நானோவிநாடி மட்டம். என் பழைய பெட்டியின் ஆட்டமே அதைவிடப் பல பத்து மடங்கு சிறியது. பின் எதற்கு இந்த மெனக்கெடல் என்றால், நல்ல உள் க்ளாக்குக்கு நான் கூடுதலாகத் தந்தது மிகக் குறைவு. வெளிப்பெட்டிக்கோ டிஏசியின் விலையே இன்னொரு முறை.

ரெக்கார்டிங் செய்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஒலியைப் பதியும்போது க்ளாக் ஆடினால் பிழை எண்களுக்குள்ளேயே உறைந்துவிடும், பிறகு எந்த டிஏசியும் அதை எடுக்காது. நான்கைந்து கருவிகள் ஒரே அடிக்கு நடக்க வேண்டிய ஸ்டூடியோவில் பொது வேர்ட் க்ளாக் அவசியம். அங்கே அது வாங்கப்படுவது ஒத்திசைவுக்காக. அப்போதும் முக்கிய கன்வெர்டரை அதன் சொந்தக் கிரிஸ்டலில் ஓடவிட்டு, மற்றவற்றை அதற்கு அடிமையாக்குவதையே நான் முதலில் முயல்வேன்.

பழைய டிஏசியை விற்கவில்லை. அது இப்போது ஆப்டிக்கலில் டிவிக்கு, அதே 160 பிகோவிநாடியோடு, செய்தியும் கிரிக்கெட்டும் பார்க்க ஓடிக்கொண்டிருக்கிறது.