தொடர் எண்ணா, உறுப்பும் பிரிவுமா? குடியிருப்போர் சங்கத் துணை விதிகளை மாற்றி எழுதும் முறைகள்: ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள மனைப்பிரிவுகளில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் துணை விதிகளைப் படித்தால், அவை பெரும்பாலும் ஒரே விதமாக வளர்ந்திருப்பது தெரியும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தபோது இருபது, இருபத்தைந்து விதிகள் இருந்திருக்கும். பிறகு சிக்கல் எழுந்தபோதெல்லாம் ஒரு விதியைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே வந்திருப்பார்கள். 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சியாக உயர்ந்த பிறகும், சில விதிகளில் இன்னும் "நகராட்சி ஆணையரிடம் மனு அளித்தல்" என்றே இருக்கும். இத்தகைய விதிகளைச் சீர்ப்படுத்த முன்வரும் குழுவுக்கு முன்னால் உள்ள வழிகளை ஒப்பிட்டு, எது நிலைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரை. இது தனி வீடுகளும் காலி மனைகளும் கொண்ட தெருச் சங்கங்களுக்கானது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேறு சட்டம் உண்டு. அவற்றை இங்கே பேசவில்லை.

112 உறுப்பினர்களும் 38 விதிகளும் கொண்ட ஒரு சங்கத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். அதில் உறுப்பினர் பற்றிய செய்தி நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மனை உரிமையாளர் அனைவரும் உறுப்பினராகலாம் என்கிறது 4-ஆம் விதி. ஆண்டுச் சந்தாவைச் சொல்கிறது 11-ஆம் விதி. ஆறு மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்த உறுப்பினர் வாக்களிக்க முடியாது என்பது 29-ஆம் விதி. பின்னாளில் சேர்த்த 36-ஆம் விதியோ, வெளிநாட்டில் வேலை பார்க்கும் உரிமையாளருக்குப் பதிலாக அவர் குடும்பத்தில் ஒருவர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்கிறது. வளைகுடா நாடுகளில் இருக்கும் உரிமையாளர் பலர் என்பதால், நடைமுறையில் அடிக்கடி எடுக்கப்படுவது இந்த 36-ஆம் விதிதான்.

முதல் வழி, இருக்கும் 38 விதிகளை அப்படியே விட்டுவிட்டு, பிழையான விதிகளை மட்டும் திருத்துவது. செலவும் உழைப்பும் குறைவு. பழைய தீர்மானப் புத்தகத்தில் "29-ஆம் விதிப்படி" என்று எழுதியிருப்பது என்றைக்கும் செல்லும். ஆனால் மேலே சொன்ன நான்கு விதிகளும் நான்கு பக்கங்களில் கிடக்கும்வரை, அவற்றுக்கு இடையே உள்ள ஓட்டை கண்ணில் படாது. குடும்பத்தினர் "கலந்துகொள்ளலாம்" என்பதில் வாக்களிப்பதும் அடங்குமா? அடங்கும் என்றால், உரிமையாளர் சந்தா பாக்கி வைத்திருந்தால் அவருக்குப் பதிலாக வந்தவரும் வாக்கை இழப்பாரா? இந்தக் கேள்விகளுக்கு விடை எங்கும் இல்லை. விடை இல்லை என்பதே ஒரு தேர்தல் தகராறின் நடுவில்தான் தெரியவரும்.

இரண்டாம் வழி, பொருள்வாரியாக உறுப்புகளாகப் பிரித்து, பிரிவு எண்ணை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை தொடர்ச்சியாக ஓடவிடுவது. அரசியலமைப்புச் சட்டம் பகுதிகளாகப் பிரிந்திருந்தாலும் சரத்து எண் தொடர்ந்து ஓடுவது இதே முறைதான். ஒரே எண்ணைச் சொன்னால் போதும், எந்த இடம் என்று ஐயமின்றித் தெரியும். இதுவே இதன் பெரிய நன்மை. குறை, நடுவில் புதிதாகச் சேர்க்கும்போது வருகிறது. 2002-இல் கல்வி உரிமையைச் சேர்த்தபோது 21அ என்ற எண் தேவைப்பட்டது. நகர, ஊரக உள்ளாட்சிகளைச் சேர்த்தபோது 243-க்குப் பின்னால் எழுத்துகளின் நீண்ட வரிசையே உண்டாயிற்று. அவ்வளவு பெரிய சட்டத்துக்கு அது பொருந்தும். எட்டுப் பத்துப் பக்கத் துணை விதிகளில் 9அ, 9ஆ என்று வரத் தொடங்கினால் படிப்பவர் தடுமாறுவார்.

மூன்றாம் வழி, ஒவ்வோர் உறுப்பிலும் பிரிவு எண்ணை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவது. உறுப்பினர் பற்றியது மூன்றாம் உறுப்பானால், அதன் நான்காம் பிரிவு 3.4 ஆகும். வாடகைக்குக் குடியிருப்போரை இணை உறுப்பினராகச் சேர்க்க நாளை முடிவெடுத்தால், அது மூன்றாம் உறுப்பின் கடைசியில் ஒரு புதிய பிரிவாக அமரும். பொதுக்குழுவையோ கணக்கையோ பற்றிய எண் எதுவும் அசையாது. இதன் குறை, கூட்டத்தில் யாராவது "பிரிவு 4" என்று மட்டும் சொன்னால் அந்த எண்ணில் ஏழெட்டுப் பிரிவுகள் இருக்கும் என்பதே. ஆகவே விதித்தாளிலும் தீர்மானப் புத்தகத்திலும் எப்போதும் 3.4 என்று இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். உட்பிரிவு தேவையானால் (அ), (ஆ) என்று ஒரு படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, 3.4.2.1 என்று இறங்கும் விதியை யாரும் வாயால் சொல்லிக் காட்ட முடியாது. சங்க விதிகளுக்கு இந்த மூன்றாம் முறையையே நான் பரிந்துரைக்கிறேன்.

எந்த முறையானாலும், ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி மாற்றக் கூடாது என்பது அடிப்படை. ஒரு பிரிவை நீக்கினால் அதன் எண்ணுக்கு எதிரே "நீக்கப்பட்டது" என்று எழுதி இடத்தைக் காலியாக விட வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தில் சொத்துரிமை பற்றிய 31-ஆம் சரத்தை 44-ஆவது திருத்தம் நீக்கியபோது அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. மறு எண்ணிடலின் விலை என்ன என்பதை இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 என்பது 103 ஆயிற்று. நீதிமன்றங்களில் இன்றும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் அட்டவணை இல்லாமல் முடிவதில்லை. சங்கம் முழுமையாக மாற்றி எழுதும்போது அந்த விலையை ஒரே ஒரு முறை கொடுக்கிறது. அதற்கு ஈடாக அதுவும் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அட்டவணைதான் வேலையின் உயிர் என்று நான் கருதுகிறேன். வரைவு எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் 1 முதல் 38 வரை பழைய எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது போய்ச் சேரும் புதிய எண்ணைக் குறிக்க வேண்டும். நம் மாதிரியில் 4, 11, 29, 36 ஆகியவை முறையே 3.1, 3.2, 3.3, 3.4 ஆகின்றன. எதிரே எண் இல்லாத பழைய விதி ஒன்று இருந்தால், ஒரு விதி சத்தமில்லாமல் விழுந்துவிட்டது என்று பொருள். எந்தப் பழைய எண்ணிலிருந்தும் வராத புதிய பிரிவு இருந்தால், எழுதியவர் தம் கருத்தை நுழைத்திருக்கிறார் என்று பொருள். ஒரு விதிக்குள்ளேயே வேறு விதி எண் வருமானால், உதாரணமாக 29-ஆம் விதியில் "11-ஆம் விதியில் கண்ட சந்தா" என்றிருந்தால், அதையும் 3.2 என்று மாற்றியாயிற்றா என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். நான் பார்த்த வரைவுகளில் பிழை மிகுதியாக இருக்கும் இடம் இதுதான். அட்டவணையைத் துணை விதிகளின் பகுதியாக்காமல் தனி இணைப்பாகத் தீர்மானப் புத்தகத்தோடு வைத்தால் போதும்.

உறுப்புகளின் வரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெயரும் முகவரியும், நோக்கம், உறுப்பினர், பொதுக்குழு, செயற்குழு, நிர்வாகிகள், நிதியும் கணக்கும், கலைப்பு, திருத்தம் என்பது இயல்பாக நடக்கும் வரிசை. நிர்வாகிகளை முதலில் வைக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. பொதுக்குழுவிடமிருந்தே செயற்குழுவுக்கு அதிகாரம் வருவதால் பொதுக்குழுவை முன்னால் வைப்பதே சரி. பூங்காவிலுள்ள தென்னைகளின் தேங்காயை ஏலம் விடும் முறை போன்றவை பழைய விதிகளில் இருந்தால் இப்போதைக்கு நிதி உறுப்பில் வையுங்கள்; பின்னர் அவற்றைச் செயற்குழுத் தீர்மானமாக இறக்கலாம்.

திருத்த உறுப்பில்தான் சொற்கள் மிகவும் எண்ணி வைக்கப்பட வேண்டும். சட்டப்படி துணை விதிகளை மாற்றச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு 21 நாள் முன்னறிவிப்பும் முக்கால் பங்கு ஆதரவும் வேண்டும். எதில் முக்கால் பங்கு என்று எழுதுவதில் மூன்று வாசகங்கள் போட்டியிடுகின்றன. "மொத்த உறுப்பினர்களில்" என்றால் 112 பேரில் 84 பேர் ஆதரிக்க வேண்டும். பாதிப் பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சங்கத்தில் அது விதிகளைப் பூட்டிவிடும். அடுத்து, கூட்டத்துக்கு 40 பேர் வந்து, 28 பேர் ஆதரித்து, 6 பேர் எதிர்த்து, 6 பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். "வாக்களித்தோரில்" என்றிருந்தால் 34-க்கு 28, தீர்மானம் நிறைவேறுகிறது. "வாக்குரிமையுடன் வருகை தந்தோரில்" என்றிருந்தால் 30 தேவை; அதே தீர்மானம் தோற்கிறது. வெறுமனே "முக்கால் பங்கு பெரும்பான்மை" என்று எழுதிய சங்கத்தில் இரு தரப்பும் தாமே வென்றதாகச் சொல்லும். நான் வருகை தந்தோரை அடிப்படையாகக் கொள்வேன். அது கடுமையானதாக இருந்தாலும், சட்டம் கேட்பதைவிடக் குறைவு என்ற ஆட்சேபத்துக்கு இடம் தராது. இப்படி எழுதலாம்:

9.1 துணை விதிகளைத் திருத்தும் முன்மொழிவைச் செயற்குழுவோ, வாக்குரிமையுள்ள உறுப்பினர் பத்துப் பேரோ எழுத்தில் அளிக்கலாம்.

9.2 முன்மொழிவின் முழு வாசகமும், அது மாற்றும் பிரிவின் தற்போதைய வாசகமும், கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பப்பட வேண்டும்.

9.3 பொதுக்குழுவில் வாக்குரிமையுடன் வருகை தந்த உறுப்பினர்களில் முக்கால் பங்குக்குக் குறையாதோர் ஆதரித்தால் திருத்தம் நிறைவேறியதாகும்.

9.4 மாவட்டப் பதிவாளரிடம் பதிவான பிறகே திருத்தம் நடைமுறைக்கு வரும். நீக்கப்பட்ட பிரிவின் எண் வேறு பிரிவுக்கு வழங்கப்படாது.

கடைசியாக, இதை ஒரே தீர்மானமாகக் கொண்டுபோவதா, இரண்டாகப் பிரிப்பதா என்ற கேள்வி உண்டு. அடுக்கையும் பொருளையும் ஒன்றாக மாற்றினால், தேங்காய் ஏலத்தைப் பற்றிய ஒரு மனக்கசப்பு ஒன்பது உறுப்புகளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். மேலும் எது இடம் மாறியது, எது பொருள் மாறியது என்று வாக்களிப்பவருக்கே தெரியாது. ஆகவே முதல் தீர்மானத்தில் வரிசையையும் எண்ணையும் மட்டும் மாற்றி, பொருள் ஏதும் மாறவில்லை என்பதற்கு அட்டவணையைக் காட்ட வேண்டும். பதிலாள் வாக்களிக்கலாமா என்ற அந்த ஓட்டையைக்கூட முதல் தீர்மானத்தில் அடைக்கக் கூடாது. 3.3-ம் 3.4-ம் அடுத்தடுத்து நிற்பதால் உறுப்பினர்களே அதைக் காண்பார்கள், அப்போது 3.4-க்கான திருத்தத்தைப் புதிய எண்ணிலேயே, 9.2-இன்படி இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தனித் தீர்மானமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு முறை அறிவிப்பு அனுப்பிப் பதிவாளர் அலுவலகத்துக்கும் இரண்டு முறை போக வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் செலவு ஏற்கத்தக்கதே. தற்போதைய செயற்குழு தன் பதவிக்காலம் முடியும்வரை தொடரும் என்பது போன்ற இடைக்கால ஏற்பாடுகளை முதல் தீர்மானத்தின் வாசகத்திலேயே எழுதிவிட வேண்டும். அவற்றைத் துணை விதிகளுக்குள் சேர்த்தால், காலம் கடந்த பிறகு அவற்றை நீக்கவும் ஒரு சிறப்புத் தீர்மானம் தேவைப்படும்.