போர்டில் பெயர் இருக்கு, பத்திரத்தில் இல்லை: நெல்லைக் கடனாகக் கொடுக்கும் முன் இதைப் படிங்க

மன்னார்குடி பக்கம் சம்பா அறுவடை முடித்து, தனியார் வியாபாரியிடம் நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்துக்கு அலைகிற எல்லாருக்குமான பதிவு இது. கடைப் பெயரையும் ஆள் பெயரையும் போடவில்லை, வழக்கு கோர்ட்டில் இருக்கிறது.

நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். என் நெல் அதைத் தாண்டி இருந்தது, காயப்போடக் களம் இல்லை, மழை வேறு மிரட்டியது. அந்த நேரம் பார்த்து ஊர்த் தரகர் ஒருவர், புதுசா ஒரு மண்டி திறந்திருக்கு, அறுபது கிலோ மூட்டை 1,350க்கு எடுக்கிறாங்க, இருபதாயிரம் முன்பணம், மீதி பதினைந்து நாளில் என்றார். வியாபாரி வெளியூர் ஆள் என்பதால் நான் யோசித்தேன். உடனே தரகர் வாட்ஸ்அப்பில் ஒரு விசிட்டிங் கார்டு படத்தை அனுப்பினார். 'பங்குதாரர்கள்' என்று போட்டு இரண்டு பெயர், ஒன்று வியாபாரி, இன்னொன்று எங்க வட்டாரமே மரியாதை வைத்திருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார். மண்டி வாசல் போர்டிலும் அதே இரண்டு பெயர்தான். நான் தரகருக்கு அனுப்பிய பதில் இது: "வாத்தியார் பார்ட்னர்னா சரிண்ணே, லோடு ஏத்திக்கட்டும்." இந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

72 மூட்டை போனது, மொத்தம் 97,200 ரூபாய். முன்பணம் போக 77,200 பாக்கி. தவணை முடிந்ததும் வியாபாரி போன் எடுக்கவில்லை, குடோன் காலி. வாத்தியார் வீட்டுக்குப் போனால் திண்ணையிலேயே நிற்கவைத்துச் சொன்னார்: "தம்பி, நான் பார்ட்னரே கிடையாது. இடம் என்னோடது, வாடகைக்கு விட்டேன், அவ்வளவுதான். உன்னை எனக்கு யாருன்னே தெரியாது, உங்கிட்ட நான் நெல் கேட்டேனா?" வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினார், கூட்டுப் பத்திரத்தின் நகலையும் காட்டினார். அதில் வியாபாரியும் அவர் மைத்துனரும் மட்டும்தான், வாத்தியார் பெயர் இல்லை. பொய் சொல்லவில்லை மனிதர், உண்மையிலேயே பங்குதாரர் இல்லை, லாபத்தில் ஒரு பைசா வாங்கியதில்லை.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் திரும்பி வந்துவிடுகிறார்கள். பத்திரத்தில் பெயர் இல்லையே, என்ன செய்ய முடியும் என்று.

திருவாரூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் எடுத்துக் காட்டியது 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. ஒருவர் தன்னைப் பங்குதாரர் என்று பேச்சாலோ எழுத்தாலோ நடத்தையாலோ காட்டிக்கொண்டால், அல்லது அப்படிக் காட்டுவதற்குத் தெரிந்தே இடம் கொடுத்தால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு அவர் பங்குதாரர் மாதிரியே பொறுப்பு. பத்திரம், பதிவு, லாபப் பங்கு எதுவும் தேவையில்லை. "உன்னைத் தெரியாது" என்று வாத்தியார் சொன்னதற்கும் அதே பிரிவில் பதில் இருக்கிறது: தன்னைப் பங்குதாரர் என்று காட்டிய செய்தி, கடன் கொடுத்த ஆளின் காதுக்குப் போனது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை.

அப்படியென்றால் போர்டைக் காட்டினால் பணம் வந்துவிடுமா? வராது. நான் இரண்டு விஷயத்தை நிரூபித்தாக வேண்டும்.

முதலாவது, பெயர் போட்டது வாத்தியாருக்குத் தெரியும், தெரிந்தும் விட்டார் என்பது. இதற்கு வக்கீல் 1949ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். இன்கிராம், கிறிஸ்துமஸ் என்று இரண்டு பேர் சேர்ந்து மரச்சாமான் வியாபாரம் செய்தார்கள் (ஆமாம், ஆள் பெயரே கிறிஸ்துமஸ்தான்). இன்கிராம் விலகிய பிறகு மற்றவர் மிச்சமிருந்த பழைய லெட்டர்பேடில் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார், அதில் இன்கிராம் பெயரும் அச்சாகி இருந்தது. பணம் வராததால் கம்பெனி இன்கிராமைப் பிடித்தது. கோர்ட் அவரை விட்டுவிட்டது. பழைய தாள்களை அழிக்காமல் விட்டது கவனக்குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், தன் பெயரைப் பயன்படுத்த அவர் தெரிந்தே அனுமதிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. வாத்தியார் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும், கார்டு அச்சடித்தது எனக்குத் தெரியாது என்று சொல்லும் என்றார் வக்கீல்.

நல்ல வேளையாக, கடைத் திறப்பு விழா வீடியோ ஒன்று ஊர் வாட்ஸ்அப் குழுவிலேயே கிடந்தது. வாத்தியார் அந்த போர்டுக்குக் கீழே நின்று குத்துவிளக்கு ஏற்றுகிறார், அப்புறம் சட்டைப் பையிலிருந்து கார்டு எடுத்து வந்தவர்களுக்கு அவர் கையாலேயே கொடுக்கிறார். வாடகைக்கு விட்டவர் எதற்குக் கார்டு கொடுக்கிறார்? இதற்கு அவர்கள் அனுப்பிய பதில் நோட்டீசில் ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது, அந்தப் பெயரை நம்பித்தான் கடனுக்குக் கொடுத்தேன் என்பது. இங்கேதான் ஒரே மண்டியில் ஏமாந்த மூன்று பேருக்கு மூன்று விதமாக ஆனது. பக்கத்து வயல் அண்ணன் என்னைவிட அதிகமாகவே நெல் போட்டவர், ஆனால் அவர் வாத்தியாரிடம் குத்தகைக்கு உழுகிறவர். வாத்தியார் வெறும் வாடகைதான் வாங்குகிறார் என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும், அதைப் பல பேரிடம் சொல்லியும் இருக்கிறார். உண்மை தெரிந்த ஆள், பெயரை நம்பிக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. நீடாமங்கலம் சாக்கு வியாபாரி, போர்டும் கார்டும் வருவதற்கு முன்பே கடனுக்குச் சாக்கு இறக்கியவர். அப்போது நம்புவதற்கு வாத்தியார் பெயரே அங்கே இல்லை, அதனால் அவரும் வாத்தியாரைக் கேட்க முடியாது. இரண்டு பேரும் வியாபாரியையும் மைத்துனரையும் மட்டும்தான் துரத்த வேண்டும், அவர்களோ ஊரிலேயே இல்லை. என்னிடம் மட்டும் அந்த வாட்ஸ்அப் வரி இருந்தது, லோடு ஏறுவதற்கு முன்னால் அனுப்பியது, தேதி நேரத்தோடு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். யார் பெயரைப் பார்த்து நெல்லைக் கொடுக்கிறீர்களோ, அந்தப் பெயரை மூட்டை ஏறுவதற்கு முன்னால் ஒரு மெசேஜிலாவது எழுதிவிடுங்கள். எடைச் சீட்டில் மண்டிப் பெயர் இருக்கட்டும். தகராறு என்று வாசனை வந்த அன்றே போர்டைப் படம் எடுத்துவிடுங்கள், எங்கள் மண்டியில் நோட்டீஸ் போன அதே வாரம் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பதிவான நிறுவனத்தில் யார் யார் பங்குதாரர்கள் என்று நீங்களே பார்க்கலாம், முன்கூட்டியே பார்ப்பது நல்லதுதான். ஆனால் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய மனிதர் பெயர் அதில் இல்லை என்று தெரிந்தும் கொடுத்தால், பக்கத்து வயல் அண்ணன் கதைதான் உங்களுக்கும். ரொம்ப நாள் பேச்சுவார்த்தையிலேயே ஓட்டிவிடாதீர்கள், விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு, தவணை சொல்லியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து.

பெயர் கொடுக்கிற பெரியவர்களுக்கும் சொல்கிறேன். உங்களைக் கேட்காமல் எவனாவது உங்கள் பெயரைப் போர்டில் போட்டால், வீட்டுக்குள் சத்தம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. எடுக்கச் சொல்லிப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், தரகர்களிடமும் அங்கே சரக்குப் போடுகிறவர்களிடமும் சொல்லுங்கள். கௌரவமாக இருக்கிறதே என்று பேசாமல் இருந்தால், பணம் வராதவன் உங்கள் திண்ணைக்குத்தான் வருவான், மொத்தப் பாக்கியையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். கொடுத்துவிட்டு அப்புறம் வியாபாரியைத் தேடிப்பிடிப்பது உங்கள் பாடு.

வாத்தியார் தரப்பிலிருந்து போன வாரம் ஆள் வந்தது, பாதி தருகிறோம், கேஸை வாபஸ் வாங்கு என்று. முழுசாக 77,200 வந்தால் அன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.