“சீரியலாத்தான் போட்டிருக்கேன், பயப்படாதீங்க” என்ற கடைக்காரரும் எங்கள் கொடையில் எரிந்த ஆம்ப்ளிஃபயரும்

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிக் கொடை. இரவு பத்தரை மணி இருக்கும், வில்லிசை நடந்துகொண்டிருந்தது. குடம் அடிக்கிறவர் கை ஏறி அடித்த நேரத்தில் பெட்டிகளில் இருந்து “டம்” என்று ஒரு சத்தம். அதன் பிறகு பாட்டு இல்லை, “ம்ம்ம்” என்ற இரைச்சல் மட்டும். வலப்பக்கத்து பாஸ் பெட்டியின் கோன் வெளியே தள்ளிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது.

கமிட்டியில் கணக்கு பார்ப்பவன் நான்தான். ஆம்ப்ளிஃபயர் வாங்கியதும் நான்தான். அதனால் ஏச்சு முழுக்க எனக்கே கிடைத்தது. கொடைக்கு மைக் செட் வாங்கப்போகும் ஊர்க்காரர்களுக்காக, நடந்ததை எழுதி வைக்கிறேன். கடை நாகர்கோவிலில் இருக்கிறது, பெயர் வேண்டாம்.

எங்களிடம் முன்பே நான்கு பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் கரண்டுக்குத் தரும் தடை 8 ஓம். புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர் இரண்டு சேனல், 4 ஓமுக்குச் சேனலுக்கு 250 வாட். பின்பக்கம், ஒயர் மாட்டும் இடத்துக்கு மேலேயே, குறைந்தது 4 ஓம் என்று அச்சடித்திருந்தது. சேனலுக்கு இரண்டு பெட்டி வீதம் மாட்டினோம். 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பேரலலாக, அதாவது பிளஸ்ஸை பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் சேர்த்து மாட்டினால், கரண்டுக்கு இரண்டு வழி கிடைப்பதால் 4 ஓம். அதுவரைக்கும் கணக்கு சரி.

“குடம் அடிச்சா நெஞ்சில இடிக்கணும் அண்ணாச்சி, ரெண்டு பாஸ் பெட்டி சேத்துக்கிடுங்க, சேனலுக்கு 500 வாட் வரும்” என்றார் கடைக்காரர். ஒவ்வொரு பாஸ் பெட்டியிலும் 15 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. தலைக்கு 8 ஓம், உள்ளே பேரலலாக இணைத்திருப்பதால் பெட்டி மொத்தம் 4 ஓம். சேனலுக்கு ஒன்று என்று அவர் ஆளே வந்து மாட்டினார். ஆம்ப்ளிஃபயரில் இருந்து முதல் பெட்டி, முதல் பெட்டியின் பின்னால் இருக்கும் இன்னொரு சாக்கெட்டில் இருந்து இரண்டாவது பெட்டி, அதில் இருந்து பாஸ் பெட்டி.

எனக்கு ஓம் கணக்கு அரைகுறையாகத் தெரியும். “பேரலலாப் போட்டா ஓம் குறையுமே?” என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது: “ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத்தானே ஒயர் போகுது? சீரியலாத்தான் போட்டிருக்கேன், பயப்படாதீங்க.” நானும் தலையாட்டிவிட்டேன்.

நான் ஏமாந்த இடம் இதுதான். ஒயர் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போவதைப் பார்த்தால் சீரியல் போலத்தான் தெரியும். ஆனால் பெட்டியின் பின்னால் இருக்கும் இரண்டு சாக்கெட்டுகளும் உள்ளே ஒன்றோடொன்று நேராக இணைந்தவை. பிளஸ் பிளஸ்ஸோடு, மைனஸ் மைனஸ்ஸோடு. ஆகவே எத்தனை பெட்டி கோத்தாலும் அது பேரலல்தான். கோயில் கோபுரத்தில் போடும் சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பைக் கழற்றினால் அந்த வரிசையே அணைந்துவிடும். ஸ்பீக்கரும் சீரியலாக இருந்தால், ஒரு பெட்டிக்குள் போகும் இணைப்பை அறுத்தால் மற்றவையும் ஊமையாகவேண்டும். எங்கள் வரிசையில் கடைசிப் பெட்டியைக் கழற்றினாலும் முன்னால் இருந்தவை பாடிக்கொண்டேதான் இருந்திருக்கும். இதை அன்றைக்கே சோதித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

ஆக, சேனலுக்கு 8, 8, 4. முதல் இரண்டும் சேர்ந்து 4. அந்த 4 ஓடு இன்னொரு 4 பேரலலாகச் சேர்ந்தால் 2 ஓம். குறைந்தது 4 வேண்டும் என்று எழுதிய ஆம்ப்ளிஃபயரின் தலையில் அதில் பாதியை ஏற்றியிருக்கிறோம்.

அதனால் என்ன என்று கேட்கலாம், நானும் கேட்டேன். 4 ஓமுக்கு 250 வாட் என்றால் ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 32 வோல்ட் வெளியே தள்ளுகிறது, 8 ஆம்பியர் ஓடுகிறது. வால்யூமை அதே இடத்தில் வைத்து 2 ஓம் மாட்டினால் அதே 32 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் கேட்கும். கடைக்காரர் சொன்ன “500 வாட் வரும்” என்பது இந்தக் கணக்குதான், காகிதத்தில் பொய்யில்லை. ஆனால் அந்த 16 ஆம்பியரும் அவுட்புட் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போகவேண்டும், டிரான்சிஸ்டரில் சூடாக வீணாகும் பங்கும் இரண்டு மடங்காகிறது. ஹீட்சிங்க்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்காகச் செய்தவை அல்ல. டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் வோல்ட் இறங்கும்போது பாட்டின் உச்சி வெட்டுப்படுகிறது. நமக்கு அது கிழிந்த சத்தமாகக் கேட்கிறது.

அன்று மாலையில் இருந்தே அடையாளங்கள் தெரிந்தன. பகல் முழுக்க பக்திப் பாட்டு, வால்யூம் கால் பங்குக்குக் கீழே, ஒரு குறையும் இல்லை. 4 வோல்ட் போகும் இடத்தில் 2 ஓம் இருந்தாலும் 2 ஆம்பியர்தான், எங்கள் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்கும். வில்லிசை தொடங்கி வால்யூம் ஏறியதும் குடச் சத்தம் கரகரத்தது. உள்ளே இருக்கும் ஃபேன் இரைந்தது. அப்புறம் சிவப்பு விளக்கு மின்னி, சத்தம் நாலைந்து நொடி நின்று தானே திரும்ப வந்தது. கடைக்குப் போன் போட்டேன். “சூடு அண்ணாச்சி, ஒரு டேபிள் ஃபேன் வைங்க” என்றார். வைத்தோம்! அந்தச் சிவப்பு விளக்கு பாதுகாப்பு சர்க்யூட் “என்னால முடியல” என்று சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மறுபடி மறுபடி அது மின்ன, நாங்கள் ஃபேனின் வேகத்தைக் கூட்டினோம்.

மறுநாள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு கருங்கல் ஊரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் மாமாவிடம் போனேன். மூடியைக் கழற்றியதும் எதையும் அளக்காமலே, “எத்தன பெட்டி மாட்டுன மக்களே?” என்றுதான் கேட்டார். ஒரு சேனலில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட். பக்கத்தில் இருந்த வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர்கள் வெடித்துக் கருகியிருந்தன. ஸ்பீக்கரைக் காப்பாற்ற இருக்கும் ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிப்போயிருந்தது. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் உள்ளே இருக்கும் டிசி வோல்ட் நேராக வெளியே வந்திருக்கிறது. ரிலே விலகாததால் அது பாஸ் பெட்டியின் காயிலில் போய், கோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காயிலைப் பொரித்துவிட்டது. மெயின் ஃபியூஸ் போனதால் மறு சேனல் பிழைத்தது.

கடைக்காரர் வாரண்டி தர மறுத்தார். “உங்க ஊர் கரண்ட்ல வோல்ட் ஏறி இறங்குது” என்று ஒன்று. அதே லைனில் ஓடிய மிக்சருக்கும் டியூப் லைட்டுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். உடனே அடுத்தது: “ஒரு வாரம் முந்தி உங்க கோயில் முற்றத்துலயே முழு வால்யூம் வச்சு டிரையல் காட்டுனேனே, அப்ப ஏன் எரியல?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமாவிடம்தான் இருந்தது.

டிரையல் அன்று நாங்கள் எங்கள் பழைய ஒயரைப் போட்டிருந்தோம். பல்புக்குப் போடும் மெல்லிய ஒயர், அரை ஸ்கொயர் எம்எம், மேடையில் இருந்து பெட்டி வரை 30 மீட்டர். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர் செம்பு. அந்த ஒயருக்கே 2 ஓமுக்குச் சற்று மேல் தடை உண்டு. 2 ஓம் பெட்டிகளோடு அதைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் பார்த்தது 4 ஓமுக்கு மேல். பாதி சக்தி ஒயரிலேயே சூடாகப் போனது, சத்தம் குறைந்தது, ஆனால் மெஷின் தப்பியது. சத்தம் போதவில்லை என்று நாங்கள் சொன்னதால் கொடைக்குத் தடித்த ஒயர் கொண்டுவந்து மாட்டினார்கள். நல்ல ஒயர்தான். அது வந்த பிறகுதான் 2 ஓம் முழுதாக ஆம்ப்ளிஃபயரின் மேல் இறங்கியது. மாமா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அவர் எனக்குக் காட்டித்தந்த சோதனை ஒரு நிமிஷ வேலை. ஆம்ப்ளிஃபயரில் இருந்து ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டார். 0.3 காட்டியது, அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை, கழித்துக்கொள்ள வேண்டும். 8 ஓம் பெட்டி ஒன்று 6 அளவில் காட்டியது. மீட்டர் அளப்பது டிசி தடை, அது பெட்டியில் எழுதிய ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பிறகு மறு சேனலின் பெட்டிகள் மூன்றையும் கோத்த வரிசையின் நுனியில் வைத்தார். 1.8. மீட்டர் ஒயரைக் கழித்தால் ஒன்றரை. “இந்த எண்ணு மூணுக்குக் கீழ போச்சுன்னா உன் ஆம்ப்ளிஃபயர்ல மாட்டாத” என்றார். லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கூம்பு ஹார்னுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அந்த டிரான்ஸ்ஃபார்மரால் மீட்டர் வேறு எதையோ காட்டும். அங்கே ஓமைக் கூட்டுவதில்லை, வாட்டைத்தான் கூட்டவேண்டும்.

8 ஓம் பெட்டிகள் இரண்டையும் நிஜமாகவே சீரியலாக்கி 16 ஓமாக்கிப் பாஸோடு சேர்த்தால் என்ன என்று கேட்டேன். 16 உம் 4 உம் பேரலலில் 3.2 தான், அப்போதும் 4 க்குக் கீழே. போதாக்குறைக்கு அந்த இரண்டு பெட்டிக்கும் பாதி வோல்ட்தான் கிடைக்கும், ஆளுக்குக் கால் பங்கு வாட், பாட்டுக்காரர் குரல் குடத்துக்குள் அமுங்கிவிடும். ஓம் கூடுதலாக இருந்தால் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்குச் சேதமில்லை, சத்தம் குறையும், அவ்வளவுதான். குறைந்தால்தான் ஆபத்து. வால்வு ஆம்ப்ளிஃபயர் வேறு ஜாதி. அதைப் பெட்டி மாட்டாமல் ஓட்டினாலே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போக வாய்ப்புண்டு.

ரிப்பேர் 6,400 ரூபாய், பாஸ் பெட்டிக்குக் காயில் மாற்ற 1,800. இரண்டும் கமிட்டிப் பணம். இப்போது பாஸ் பெட்டிகளுக்கு வாடகைக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் எடுக்கிறோம், சேனலுக்கு 4 ஓம். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் வெள்ளைப் பெயின்டில் அதன் ஓமை எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் அதே கடை ஆள் குலசேகரத்துப் பக்கம் ஒரு கோயிலில் இதே செட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்று கேள்வி. அந்தக் கமிட்டிக்காரர் யாராவது இதைப் படித்தால், அவர் மாட்டி முடித்ததும் கடைசிப் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள்.